‘குறைந்தது’ வேறு, ‘குறைக்கிறது’ வேறு: ஆய்வு முடிவுகளை எப்படிச் சொல்வது?

சித்தி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒரே வரிதான்: “வெந்தயத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை குறையும்: ஆய்வில் நிரூபணம்!” அதன் கீழே அவர் கேட்டிருந்தார்: “அப்ப மாத்திரையை நிறுத்திடலாமாப்பா?”

உடல்நலக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. “ஆய்வில் நிரூபணம்”, “ஆய்வுகள் சொல்கின்றன”, “விஞ்ஞானிகள் உறுதி” என்ற மூன்றையும் தினமும் பார்க்கிறேன். மூலத்தைத் தேடிப் போனால் சில நேரம் முப்பது பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இருக்கும். சில நேரம் இருபது ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட பெரிய வேலை இருக்கும். செய்தியில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம். சித்தி மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பது அந்த வாக்கியத்தை நம்பித்தான்.

ஒரு கூற்றுக்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறதா, பல இருக்கின்றனவா, அல்லது அவற்றைச் சேர்த்த கணக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்து வாக்கியம் எப்படி மாற வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மாரடைப்பு வந்தவர்களுக்கு மக்னீசியம் ஏற்றிய கதை. மூன்று நிலைகளும் அதில் வருகின்றன, ஒவ்வொரு நிலையிலும் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

## ஒரு சோறு எப்போது பதம் சொல்லும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சமையலில் அது சரி. எல்லா அரிசியும் ஒரே மூட்டையிலிருந்து வந்தது, ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வெந்தது. அதனால் ஒரு பருக்கையை நசுக்கினால் மற்றதும் தெரிந்துவிடும்.

மனிதர்கள் அப்படி ஒரே பானையில் வெந்தவர்கள் இல்லை. ஒருவருக்கு வயது 45, இன்னொருவருக்கு 80. ஒருவர் வலி வந்த ஒரு மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்தார், இன்னொருவர் மறுநாள் வந்தார். யார் பிழைப்பார் என்பதில் மருந்தைத் தவிர இன்னும் நூறு காரணங்கள் இருக்கின்றன. அதனால்தான் நல்ல ஆய்வுகளில் குலுக்கல் முறையைக் கையாள்கிறார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத வெறும் திரவம் என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுப்பதில்லை, குலுக்கல் தீர்மானிக்கிறது. அப்போது அந்த நூறு காரணங்களும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும்.

‘ஏறக்குறைய’ என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டிப் பாருங்கள். எந்தக் கோளாறும் இல்லாத நாணயத்திலேயே ஏழு அல்லது அதற்கு மேல் தலை விழுவது, சுமார் ஆறில் ஒரு தடவை நடக்கும். ஆயிரம் முறை சுண்டினால் எழுநூறு தலை விழவே விழாது என்று சொல்லிவிடலாம். ஆட்கள் குறைவாக உள்ள ஆய்வு பத்து சுண்டல் போன்றது. மருந்து எதுவும் செய்யாவிட்டாலும், குலுக்கலின் போக்கில் நல்ல உடல்நிலை உள்ளவர்கள் மருந்துப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கலாம்.

## ஒரே ஓர் ஆய்வு: லெஸ்டர், 1992

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 2,316 பேரைக் குலுக்கலில் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் பெயர் லிமிட்-2. ஒரு பாதிக்கு ரத்தக்குழாய் வழியாக மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள், மறு பாதிக்கு உப்புநீர். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள்: மக்னீசியம் பக்கம் 7.8 சதவீதம், உப்புநீர் பக்கம் 10.3 சதவீதம். ஆயிரம் பேருக்கு 25 உயிர் வித்தியாசம். மருந்தும் மலிவு, ஏற்றுவதும் எளிது. 1992-ல் முடிவு வெளியானபோது மருத்துவர்களுக்கு எவ்வளவு உற்சாகம் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

விகிதமாகச் சொன்னால் மரணம் 24 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த 24-ஐ மட்டும் தனியாக எடுத்துச் சொன்னால் பாதி உண்மைதான் வெளியே வரும். ஆய்வாளர்கள் அதோடு ஒரு நம்பிக்கை இடைவெளியும் கொடுத்திருந்தார்கள். நம்பிக்கை இடைவெளி என்பது, கையிலிருக்கும் தரவோடு ஒத்துப்போகக்கூடிய உண்மைப் பலன் எங்கிருந்து எங்கே வரை இருக்கலாம் என்று காட்டும் எல்லை. லிமிட்-2-ல் அது 1 சதவீதத்திலிருந்து 43 சதவீதம் வரை. மக்னீசியம் மரணத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் மருந்தாக இருந்தாலும் இந்த முடிவு வந்திருக்கலாம். ஒன்றுமே செய்யாத அளவுக்கு அருகில் இருந்தாலும் வந்திருக்கலாம்.

அப்படியானால் அன்று எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் எது? “மக்னீசியம் மாரடைப்பு மரணத்தைக் குறைக்கிறது” என்பது தவறு. ‘குறைக்கிறது’ என்ற நிகழ்காலம் பொது உண்மையைச் சொல்லும் காலம். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைப் போல எங்கும், எப்போதும், எவருக்கும் என்று கேட்பவர் காதில் விழும். ஓர் ஆய்வுக்கு அந்த உரிமை இல்லை. அது நடந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்ல முடியும், அதற்குரியது இறந்தகாலம்:

“லெஸ்டரில் 2,316 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், மக்னீசியம் ஏற்றப்பட்டவர்களில் இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள் (ஆயிரத்துக்கு 78, மற்றவர்களில் 103). உண்மையான பலன் இதைவிட மிகச் சிறியதாகவும் இருக்கலாம்.”

ஊர், ஆட்களின் எண்ணிக்கை, ‘ஓர் ஆய்வில்’ என்ற சொல், இறந்தகால வினை ஆகிய நான்கும் சேர்ந்ததும் வாக்கியம் தன் எல்லையைத் தானே சொல்லிவிடுகிறது. பயந்து பயந்து எழுதியதுபோலவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு எந்தத் தயக்கச் சொல்லும் தேவைப்படுவதில்லை.

*இதுவரை:* தனி ஆய்வு ஒரு சம்பவம். அதை இறந்தகாலத்தில், இடமும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஆய்வுகள்’ என்று பன்மையாக்கக் கூடாது.

## பல ஆய்வுகள் இருந்தால்: கை தூக்கி எண்ணுவதில் உள்ள ஆபத்து

ஆய்வுகள் பெருகும்போது நம்மில் பலர் செய்வது பஞ்சாயத்துக் கணக்கு. ஏழு ஆய்வில் இரண்டு ‘பலன் உண்டு’ என்றது, ஐந்து ‘தெரியவில்லை’ என்றது, எனவே பலன் இல்லை என்று முடிவு செய்கிறோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கின் பின்னே குழந்தைகளின் உயிர் போயிருக்கிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறைமாதத்தில் பிரசவ வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட்டு, மூச்சுத்திணறலும் மரணமும் குறைந்தன என்பது அதன் முடிவு. தொடர்ந்து பல நாடுகளில் சிறு சிறு ஆய்வுகள் நடந்தன. பெரும்பாலானவற்றில் ஆட்கள் குறைவு என்பதால் முடிவும் மங்கலாகவே இருந்தது. தனித்தனியாகப் படித்த மருத்துவர்களுக்கு ‘சிலர் உண்டு என்கிறார்கள், சிலர் தெரியவில்லை என்கிறார்கள்’ என்றுதான் தோன்றியது. ஊசி பரவலாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட முதல் முறையான தொகுப்பு 1989-ல்தான் வந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு இதைப் பரவலாகப் பயன்படுத்தச் சொன்னது 1994-ல். முதல் ஆய்விலிருந்து 22 ஆண்டுகள்.

காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் சின்னத்தில் இந்தக் கதைதான் வரையப்பட்டிருக்கிறது. ஏழு கிடைக்கோடுகள், ஒவ்வொன்றும் ஓர் ஆய்வின் நம்பிக்கை இடைவெளி. நடுவே ஒரு செங்குத்துக் கோடு, அது ‘வித்தியாசமே இல்லை’ என்ற இடம். பெரும்பாலான கிடைக்கோடுகள் அந்த நடுக்கோட்டைத் தொடுகின்றன, அதாவது தனியாகப் பார்த்தால் உறுதி இல்லை. அடியில் ஒரு சிறிய வைரம் இருக்கிறது. ஏழையும் சேர்த்தபோது கிடைத்த விடை அதுதான். வைரம் நடுக்கோட்டைத் தொடாமல், ஊசியால் பலன் உண்டு என்ற பக்கத்தில் தெளிவாக நிற்கிறது.

கை தூக்கி எண்ணியவர்கள் எங்கே தவறினார்கள்? ‘பலன் தெரியவில்லை’ என்பதை ‘பலன் இல்லை’ என்று படித்ததில். தமிழில் இந்த இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு இருக்கிறது, எழுதும்போதுதான் அதைக் கலந்துவிடுகிறோம். இருட்டறையில் தேடி சாவி கிடைக்காதவர் ‘சாவி தெரியவில்லை’ என்றுதான் சொல்ல முடியும். விளக்கைப் போட்டு மூலை முடுக்கெல்லாம் பார்த்த பிறகே ‘இங்கே இல்லை’ என்று சொல்லலாம். சிறிய ஆய்வு இருட்டறையில் தேடுவது.

ஆகவே பல ஆய்வுகள் இருந்தும் சேர்த்த கணக்கு இல்லாதபோது, எத்தனை என்றும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்றும் சொல்லி, கணக்கு இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: “இதுவரை நடந்த சில சிறிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே திசையில் சாய்கின்றன, தனித்தனியாக எதுவும் உறுதி சொல்லும் அளவுக்குப் பெரியதல்ல.” இங்கே ‘சாய்கின்றன’, ‘எனத் தோன்றுகிறது’ போன்ற வினைகள் பொருந்தும். முடிவுகள் முரண்பட்டால் அதையும் அப்படியே சொல்லலாம். எனக்குப் பிடித்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்று எழுதினால், பன்மை விகுதியை வைத்தே பொய் சொல்லியவனாவேன்.

## மெட்டா பகுப்பாய்வு உள்ளே என்ன செய்கிறது?

ஒரே கேள்வியைக் கேட்ட ஆய்வுகளை எல்லாம் தேடிச் சேர்த்து, அவற்றின் முடிவுகளிலிருந்து ஒரே விடையைக் கணக்கிடுவதே மெட்டா பகுப்பாய்வு. சும்மா சராசரி எடுப்பதல்ல. எடைபோட்ட சராசரி.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 100 பேரிடம் நடந்த ஆய்வில் மருந்து நூற்றுக்குப் பத்துப் பேரைக் கூடுதலாகக் காப்பாற்றியது. 900 பேரிடம் நடந்த ஆய்வில் நூற்றுக்கு இரண்டு பேரை. சாதாரண சராசரி ஆறு. ஆனால் முதல் ஆய்வு பத்து சுண்டலுக்கு நெருக்கமானது, இரண்டாவது ஆயிரம் சுண்டலுக்கு நெருக்கமானது. ஆட்களின் எண்ணிக்கைப்படி எடை கொடுத்தால் விடை 2.8. பெரிய ஆய்வு விடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. உண்மையான கணக்கில் எடை, நம்பிக்கை இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதைப் பொறுத்து அமையும். அடிப்படை இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா நோயாளிகளையும் ஒரே குவியலாகக் கொட்டுவதில்லை. ஒவ்வொரு ஆய்வுக்குள்ளும் மருந்துப் பக்கத்தை அதே ஆய்வின் மறுபக்கத்தோடு ஒப்பிட்ட பிறகே வித்தியாசங்களைச் சேர்க்கிறார்கள். நாகர்கோவில் கடையின் மீன் விலையை ஓசூர் கடையின் மீன் விலையோடு ஒப்பிட்டு, எந்த மீன்காரர் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டக் கூடாது, அந்தந்த ஊரின் விலையோடுதான் ஒப்பிட வேண்டும். அது போலத்தான் இதுவும்.

இப்படிக் கிடைக்கும் விடைக்குத்தான் ‘குறைக்கிறது’ என்ற நிகழ்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகிறது. கொஞ்சம் கொஞ்சமாக என்று சொல்வதற்குக் காரணம் மக்னீசியம்.

*இதுவரை:* சேர்த்த கணக்கு, தனியாகப் பார்த்தால் மங்கலாகத் தெரிவதைத் தெளிவாக்கும். ஆனால் அந்தத் தெளிவு, கணக்குக்குள் என்னென்ன வந்து சேர்ந்தன என்பதைப் பொறுத்தது.

## மெட்டா பகுப்பாய்வும் சறுக்கும்: 1991 முதல் 2002 வரை

லெஸ்டர் ஆய்வுக்கு ஓராண்டு முன்பே, 1991-ல், மக்னீசியத்தைப் பற்றிய ஒரு மெட்டா பகுப்பாய்வு வெளிவந்திருந்தது. ஏழு ஆய்வுகள், மொத்தம் 1,301 பேர். மக்னீசியம் பெற்ற 657 பேரில் 25 பேர் இறந்தார்கள், பெறாத 644 பேரில் 53 பேர். பாதிக்கும் மேல் குறைவு! நம்பிக்கை இடைவெளியும் நடுக்கோட்டிலிருந்து நன்றாக விலகியே நின்றது. அடுத்த ஆண்டு லெஸ்டர் முடிவும் அதே திசையில் வந்தது. 1993-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை, தலைப்பிலேயே இதைப் பலனுள்ள, பாதுகாப்பான, எளிய, செலவு குறைந்த சிகிச்சை என்று அழைத்தது.

பிறகு 1995-ல், மக்னீசியத்தைச் சோதித்த ஐசிஸ்-4 என்ற மிகப் பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 58,050 நோயாளிகள். ஐந்து வாரத்தில் இறந்தவர்கள்: மக்னீசியம் பெற்றவர்களில் 7.64 சதவீதம், பெறாதவர்களில் 7.24 சதவீதம். பலன் எதுவுமில்லை, இம்மியளவு கூடுதல் மரணம். அந்தக் கூடுதலும் தற்செயலாக வந்திருக்கக்கூடிய அளவுதான்.

ஏழு ஆய்வுகளைச் சேர்த்த கணக்கு எப்படித் தவறியது? கூட்டலில் பிழை இல்லை. கணக்குக்குள் வராத ஆய்வுகள்தான் பெரும்பாலும் காரணம் என்று சந்தேகிக்கப்படுகிறது. மருந்து வேலை செய்ததாகத் தெரிந்த சிறிய ஆய்வை ஆய்வாளர் உற்சாகமாக எழுதி அனுப்புவார், இதழும் ஏற்றுக்கொள்ளும். ஒன்றும் தெரியாமல் போன சிறிய ஆய்வு மேசை இழுப்பறையிலேயே கிடந்துவிடும். இதற்கு வெளியீட்டுச் சாய்வு என்று பெயர். ஜோதிடர் வீட்டுச் சுவரில் பலித்த கணிப்புகளுக்கான நன்றிக் கடிதங்கள் மட்டும் சட்டம் போட்டுத் தொங்குவதை நினைத்துப் பாருங்கள். கடிதங்கள் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சுவரைப் பார்த்து அவருடைய திறமையைக் கணக்கிட முடியாது.

வெளியே வராததை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி புனல் வரைபடம். ஒவ்வொரு ஆய்வையும் ஒரு புள்ளியாகப் போடுங்கள். பெரிய ஆய்வுகள் மேலே, சிறியவை கீழே. பலன் அதிகமானவை இடப்பக்கம், குறைவானவை வலப்பக்கம். பெரிய ஆய்வுகள் உண்மை விடைக்கு அருகில் கூடும். சிறியவை தற்செயலால் இரு பக்கமும் சிதறும். படம் கவிழ்த்து வைத்த புனல்போல இருக்க வேண்டும். கீழே வலப்பக்க மூலை காலியாக இருந்தால், பலன் தெரியாத சிறிய ஆய்வுகள் எங்கே போயின என்று கேட்க வேண்டும். மத்தியாஸ் எக்கர், ஜார்ஜ் டேவி ஸ்மித் ஆகியோர் மக்னீசியம் ஆய்வுகளை இப்படி அடுக்கிப் பார்த்தபோது, சாய்ந்த புனல்தான் கிடைத்தது.

விவாதம் அத்துடன் முடியவில்லை. ஐசிஸ்-4-ல் மக்னீசியம் தாமதமாக ஏற்றப்பட்டது, சீக்கிரம் கொடுத்திருந்தால் பலன் தெரிந்திருக்கும் என்று சிலர் வாதிட்டார்கள். அது நியாயமான எதிர்வாதம். அதைச் சோதிக்கவே மேஜிக் என்ற ஆய்வு நடந்தது. ஆபத்து அதிகமுள்ள 6,213 நோயாளிகளுக்கு, வலி தொடங்கிச் சில மணி நேரத்துக்குள்ளேயே கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் வந்த முடிவு: மக்னீசியம் பக்கம் 15.3 சதவீதம், மறுபக்கம் 15.2 சதவீதம்.

இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுதியிருக்க வேண்டிய வாக்கியத்தைப் பாருங்கள்.

1991-ல்: “ஏழு சிறிய ஆய்வுகளைச் சேர்த்த கணக்கு, மக்னீசியம் மரணத்தைக் குறைக்கக்கூடும் என்று காட்டுகிறது. மொத்தத்தில் 78 மரணங்களே பதிவானதால், பெரிய ஆய்வு வரும்வரை இதை முடிவாகக் கொள்ள முடியாது.”

1995-ல்: “58,000 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் காணப்படவில்லை. முந்தைய சிறிய ஆய்வுகளின் முடிவோடு இது முரண்படுகிறது. சீக்கிரம் கொடுத்தால் பலன் உண்டா என்பது சோதிக்கப்பட வேண்டும்.”

2002-ல்: “மாரடைப்பு நோயாளிகளுக்கு வழக்கமாக மக்னீசியம் ஏற்றுவது உயிரைக் காப்பதில்லை.”

கடைசி வாக்கியம்தான் மூன்றிலும் சிறியது. ‘கூடும்’, ‘தெரிகிறது’, ‘சில’ போன்ற எதுவும் அதில் இல்லை. விளக்கைப் போட்டுத் தேடியாகிவிட்டதால் ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை வந்துவிட்டது. ஆதாரம் பெருகப் பெருக வாக்கியம் நீள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு, தாங்குகோல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

ஆனால் அந்தச் சிறிய வாக்கியத்திலும் ‘மாரடைப்பு நோயாளிகளுக்கு’ என்ற சொல்லை எடுத்துவிடக் கூடாது. கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பைத் தடுக்க இதே மக்னீசியம் சல்பேட்டைத்தான் இன்றும் கொடுக்கிறார்கள், அங்கே அது உண்மையாகவே காக்கிறது. ‘மக்னீசியம் பயனற்றது என்று ஆய்வில் உறுதி’ என்று தலைப்பிட்டால் வேறொரு தாய்க்குத் தீங்கு செய்தவர்களாவோம்.

## யாரிடம், எங்கே நடந்தது?

ஸ்டீராய்டு ஊசிக்கு மறுபடி வருகிறேன், அங்கே நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1994-க்குப் பிறகு ‘குறைமாதப் பிரசவத்துக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் குழந்தை மரணம் குறைகிறது’ என்பது உறுதியான வாக்கியமாக இருந்தது. ஆனால் அதற்குப் பின்னாலிருந்த ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான மருத்துவமனைகளில் நடந்தவை. கர்ப்ப வாரத்தைத் துல்லியமாகக் கணிக்க ஸ்கேன் இருந்தது, பிறந்த குழந்தையைக் கவனிக்கும் தீவிரப் பிரிவு இருந்தது.

இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களிலும் சிற்றூர்களிலும் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த பெரிய ஆய்வு 2015-ல் வெளியானது. மிகச் சிறிய எடையில் பிறந்த குழந்தைகளின் மரணம் அங்கே குறையவில்லை. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தபோது மரணம் சற்றுக் கூடியிருந்தது. குறைமாதம் என்று நினைத்து ஊசி போடப்பட்ட தாய்மார்களில் பலருக்குக் குறைமாதத்தில் பிரசவம் ஆகவில்லை.

அதன்பின் உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் இன்னோர் ஆய்வு நடத்தியது. இம்முறை ஸ்கேன் மூலம் வாரம் கணிக்கப்பட்டது, குழந்தையைக் கவனிக்கக்கூடிய மருத்துவமனைகள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2020-ல் வந்த முடிவு: ஊசி பெற்றவர்களின் குழந்தைகளில் 19.6 சதவீதமும் பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதமும் பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

அதனால் இன்றைய வாக்கியம்: “கர்ப்ப வாரம் சரியாகக் கணிக்கப்பட்டு, பிறந்த குழந்தையைக் கவனிக்க வசதியுள்ள மருத்துவமனையில், குறைமாதப் பிரசவத்துக்கு முன் ஸ்டீராய்டு கொடுப்பது குழந்தை மரணத்தைக் குறைக்கிறது.” வினை உறுதியாகவே நிற்கிறது. மாறியது எழுவாய்க்கு முன்னால் வரும் நிபந்தனை. மெட்டா பகுப்பாய்வின் அடிப்படையில் எழுதும்போது நான் அதிக நேரம் செலவழிப்பது இந்த நிபந்தனைப் பகுதியில்தான். வினையைத் தளர்த்துவது சுலபம். ‘குறைக்கலாம்’ என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ‘லாம்’ எதனால் வந்தது என்று வாசகருக்குத் தெரியாது. ஆட்கள் குறைவு என்பதாலா, முடிவுகள் முரண்படுவதாலா, வேறு வகை மருத்துவமனையில் பார்க்கவில்லை என்பதாலா? காரணத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ‘லாம்’ தேவைப்படாது.

*இதுவரை:* ஓர் ஆய்வுக்கு இறந்தகாலம். பல சிறிய ஆய்வுகளுக்குத் திசையும் எண்ணிக்கையும். பெரிய ஆய்வுகளைக் கொண்ட, சாய்வில்லாத மெட்டா பகுப்பாய்வுக்கு நிகழ்காலம், ஆனால் யாருக்கு, எந்தச் சூழலில் என்ற நிபந்தனையோடு.

## சித்திக்கு எழுதிய பதில்

வெந்தயத்தைப் பற்றித் தேடினேன். ஓர் ஆய்வு அல்ல, பல ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்த மெட்டா பகுப்பாய்வுகளும் இருக்கின்றன, வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்ததாகவே அவை காட்டுகின்றன. ‘மெட்டா பகுப்பாய்வில் நிரூபணம்’ என்று யாரும் தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஒன்றில் வெந்தயப் பொடி, இன்னொன்றில் அதன் சாறு. அளவும் காலமும் ஒன்றுக்கொன்று வேறு. பல ஆய்வுகளின் தரமும் குறைவு. மக்னீசியத்தின் 1991 நிலைமை இதுதான். வெந்தயமும் கடைசியில் மக்னீசியம் மாதிரி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை, ஐசிஸ்-4 போல ஒன்று இங்கே இன்னும் நடக்கவில்லை என்கிறேன்.

சித்திக்கு இப்படி எழுதினேன்: “சித்தி, வெந்தயம் சாப்பிட்டவங்களுக்குக் காலைச் சர்க்கரை கொஞ்சம் குறைஞ்சதுன்னு சில சின்ன ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் அதே பக்கம்தான் சாயுது. ஆனா பெரிய ஆய்வு எதுவும் இன்னும் உறுதி பண்ணல. மாத்திரைக்குப் பதிலா வெந்தயம்னு அந்த ஆய்வுகளை வச்சுச் சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தாதீங்க.”

பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “அப்ப வெந்தயம் குடிக்கலாமா, கூடாதா?”

“சமையல்ல போடுற அளவு தாராளமா சாப்பிடுங்க. தினமும் ஸ்பூன் கணக்குல சாப்பிடறதா இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மாத்திரையோட சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கிடாம பார்த்துக்கணும். அடுத்த தடவை டெஸ்ட் எடுக்கும்போது ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்புங்க.”